பதில் தாமதமாகும் ரிமோட் ஊழியரிடம் எப்படிப் பேசுவது?

"நாங்கள் சென்னையில், டீமில் ஒருவர் டொராண்டோவில். நவம்பரிலிருந்து அவரிடமிருந்து பதில் வரத் தாமதமாகிறது. மனம் நோகாமல் இதை எப்படிச் சொல்வது?"

முதலில் ஒரு மணி நேரம் ஒதுக்கிப் பழைய சாட்டைப் புரட்டுங்கள். எனக்கும் டொராண்டோவில் ஒருவர் இருந்தார். நான்கு வாரத்தில் அவரிடம் கேட்ட 22 கேள்விகளை எடுத்து, ஒவ்வொன்றும் அவருடைய கடிகாரத்தில் எத்தனை மணிக்குப் போய்ச் சேர்ந்தது என்று குறித்தேன். நாம் காலை 11 மணிக்குக் கேட்டால் குளிர்காலத்தில் அங்கே நள்ளிரவு 12.30. மாலை 7.30-க்குப் பதில் வந்தால், காலை 9-க்கு வேலையைத் தொடங்கியதுமே எழுதிவிட்டார் என்று அர்த்தம். இப்படி 13 கேள்விகள் கணக்கிலிருந்து கழிந்தன. மீதி ஒன்பதில் ஐந்துக்கு, அவருடைய முழு வேலைநாள் ஒன்று முடிந்தும் பதில் இல்லை. பேச வேண்டியது அந்த ஐந்தைப் பற்றி மட்டும்தான்.

நவம்பர் என்கிறீர்களே, அதையும் கவனியுங்கள். அந்த மாத முதல் ஞாயிறன்று அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளுவார்கள். எங்களுடைய மாலை 6.30 மீட்டிங் அதுவரை அவருக்குக் காலை 9 மணி, பிறகு 8 மணி. பிள்ளையைப் பள்ளிக்குக் கிளப்பும் நேரம். எங்களில் ஒருவருக்கும் இது உறைக்கவில்லை.

பேச்சு எதைப் பற்றி என்று இரண்டு நாள் முன்னாலேயே எழுதிவிடுங்கள். "கொஞ்சம் பேசணும்" என்று மட்டும் அனுப்பினால் மனிதருக்குத் தூக்கம் வராது. நான் இப்படித் தொடங்கினேன்: "பத்தாம் தேதி பேமென்ட் பிழை பத்திக் கேட்டிருந்தோம், ரெண்டு நாள் பதில் வரலை. டெஸ்டிங் நின்னு, ரிலீஸ் திங்களுக்குப் போச்சு. உங்க பக்கம் என்ன நடந்துச்சு?" அப்புறம் வாயைத் திறக்கவில்லை. "எல்லாரும் சொல்றாங்க", "பச்சைப் புள்ளியே தெரியறதில்ல" போன்ற பேச்சு வேண்டாம். அவர் தற்காப்பில் இறங்கிவிடுவார்.

வீட்டில் ஒருவருக்கு உடம்பு சரியில்லை என்றார். யாருக்கு, என்ன என்று நான் தோண்டவில்லை. "எத்தனை வாரம் இப்படி இருக்கும்? எந்த வேலையை வேற யார்கிட்டயாவது கொடுக்கட்டும்? லீவு வேணுமா?" என்று மட்டும் கேட்டேன். குறிப்பிலும் காரணத்தை எழுதவில்லை, வேலை நேர மாற்றத்தை மட்டும் எழுதினேன்.

அதற்காகத் தாமதத்தை அப்படியே விட்டுவிடவும் இல்லை. கேள்வி வந்தால் அவருடைய நான்கு வேலை மணி நேரத்துக்குள் பதில், முடியாவிட்டால் "பார்த்தேன், நாளை சொல்கிறேன்" என்று ஒரு வரி. வேலை நின்றுபோகும் அவசரம் என்றால் போன். எங்கள் பங்குக்கு, மீட்டிங்கை இரவு 7.30-க்குத் தள்ளி வாரம் இரண்டாகக் குறைத்தோம். கேள்வியை முழு விவரத்தோடும் கெடுவோடும் எழுதுவது என்றும் ஒப்புக்கொண்டோம்.

மூன்று வாரம் கழித்து இருவரும் சேர்ந்து அதே கணக்கைப் போட்டோம். 17 கேள்விகளில் ஒன்றுதான் தவறியிருந்தது. அதுவும் எங்கள் ஆள் ஒருவர் வெறும் "ஹாய்" என்று அனுப்பிவிட்டுக் காத்திருந்தது.