சாய்பலகை, பொம்மைக் கார், ஓர் அளவு அட்டவணை

கேள்வி: 7ஆம் வகுப்புக்கு ‘விசையும் இயக்கமும்’ நடத்துகிறேன். புத்தகங்களை அடுக்கி, பலகையைச் சாய்த்து, பொம்மைக் காரை உருளவிட்டு ஸ்டாப்வாட்சில் நேரம் எடுத்தோம். குழுவுக்குக் குழு எண் மாறுகிறது. உயரத்தைக் கூட்டினாலும் பெரிய வித்தியாசம் இல்லை. கனமான கார்தான் அதிக தூரம் போகும் என்று பிள்ளைகள் முடிவு கட்டிவிட்டார்கள். அட்டவணையை எப்படிப் போடுவது?

பதில்: நேரத்தை விட்டுவிட்டுத் தூரத்தை அளக்கச் சொல்லுங்கள். கார் பலகையை விட்டு இறங்கித் தரையில் எவ்வளவு தூரம் ஓடி நிற்கிறது என்பதுதான் உங்களுக்கு வேண்டிய எண்.

காரணம் எளிது. ஒரு மீட்டர் பலகையில் 12 செ.மீ. உயரத்திலிருந்து விட்டால், நன்றாக உருளும் ஒரு சிறிய கார் இறங்க ஏறக்குறைய 1.6 விநாடி ஆகும். 15 செ.மீ. உயரத்திலிருந்து விட்டால் 1.4 விநாடி. இடையில் இருப்பது 0.2 விநாடிதான். கண் பார்த்துக் கட்டைவிரல் அழுத்துவதற்கே கிட்டத்தட்ட அவ்வளவு நேரம் போய்விடுகிறது. அதனால் உங்கள் அட்டவணையில் காரின் வேகத்தைவிட விரலின் வேகம்தான் அதிகம் பதிவாகியிருக்கும். தூரத்தில் அந்தச் சிக்கல் இல்லை. அதே 3 செ.மீ. உயர வித்தியாசம் தரையில் முக்கால் மீட்டராக விரியும், கடைசி பெஞ்சுக்கும் தெரியும்.

120 செ.மீ. நீளமுள்ள, எளிதில் வளையாத பிளைவுட் பலகை போதும். தரையைத் தொடும் முனையிலிருந்து 100 செ.மீ. தள்ளி, குறுக்கே ஒரு கோடு போடுங்கள். உயரத்தை ‘மூன்று புத்தகம்’ என்று எழுதவிடாதீர்கள். தரையிலிருந்து அந்தக் கோடு வரை, பலகையின் மேற்பரப்புக்கு, ஸ்கேலை நிமிர்த்தி வைத்து செ.மீ.இல் எழுத வேண்டும். பலகையின் கீழ்முனை தடிமனாக இருந்தால் கார் அங்கே ‘தொப்’பென்று விழுந்து வேகத்தை இழக்கும். ஒரு சார்ட் பேப்பர் துண்டைப் பலகையில் பாதி, தரையில் பாதியாக ஒட்டிவிட்டால் சரியாகிவிடும்.

கார் தேர்வில் கறாராக இருங்கள். பின்னால் இழுத்துவிட்டால் ஓடும் கார் வேண்டாம், உள்ளே இருக்கும் பல்சக்கரம் உருளலைத் தடுக்கும். சின்ன உலோகக் கார்கள் நல்லவை. முதலில் சமதளத்தில் மெல்ல உருட்டிப் பாருங்கள். ஒரு பக்கமாக வளைந்து போனால் அச்சு கோணல், அந்தக் காரை ஒதுக்கிவிடுங்கள். நன்றாக ஓடிய கார் திடீரென்று மந்தமானால் அச்சில் தலைமுடி சுற்றியிருக்கிறதா என்று பாருங்கள், பெரும்பாலும் இருக்கும்.

விடும் முறைதான் அடுத்த ஓட்டை. கையால் விட்டால் யாரும் அறியாமல் ஒரு சின்னத் தள்ளல் சேர்ந்துகொள்ளும். பின்சக்கரங்களைக் கோட்டில் நிறுத்தி, காருக்கு முன்னால் ஒரு ஸ்கேலைத் தடுப்பாக வைத்து, அதைச் சரிவின் திசையிலேயே வெடுக்கென்று விலக்கச் சொல்லுங்கள். நின்ற இடத்திலும் பலகையின் முனையிலிருந்து பின்சக்கரம் வரைதான் அளக்க வேண்டும். ஒருவர் முன்சக்கரத்துக்கும் மற்றவர் பின்சக்கரத்துக்கும் அளப்பதுதான் குழுவுக்குக் குழு எண் மாறுவதற்குப் பொதுவான காரணம்.

அட்டவணை இப்படி இருக்கட்டும். எண்கள் மாதிரிக்குத்தான், உங்கள் காருக்கும் தரைக்கும் ஏற்ப மாறும்.

| உயரம் (செ.மீ.) | முறை 1 | முறை 2 | முறை 3 | சராசரி தூரம் (செ.மீ.) |
|---|---|---|---|---|
| 6 | 48 | 52 | 50 | 50 |
| 9 | 121 | 128 | 126 | 125 |
| 12 | 196 | 207 | 200 | 201 |
| 15 | 268 | 262 | 271 | 267 |

மூன்று முறையில் ஒன்று மட்டும் மற்றவற்றோடு ஒட்டாமல் நின்றால், அதை அழிக்காமல் காரணத்தைப் பக்கத்தில் எழுதி (‘சுவரில் இடித்தது’, ‘வளைந்தது’), நான்காவது முறை ஓடவிடுங்கள். காரணம் தெரியவில்லை என்றால் அந்த எண்ணும் சராசரியில் சேர வேண்டும்.

இப்போது அட்டவணையைப் படிக்கச் சொல்லுங்கள். உயரம் 6இலிருந்து 12 ஆக இரட்டித்தது, தூரம் 50இலிருந்து 201 ஆக நான்கு மடங்கானது. ‘உயரம் இரட்டித்தால் தூரம் நான்கு மடங்கு’ என்று உடனே யாராவது விதி எழுதுவார்கள். அது தவறு. வரைபடத் தாளில் புள்ளிகளை வைத்தால் நேர்கோடுதான் வருகிறது, ஒவ்வொரு 1 செ.மீ. உயரத்துக்கும் தூரம் சுமார் 25 செ.மீ. கூடுகிறது. ஆனால் கோடு சுழியத்தில் தொடங்கவில்லை. பின்னோக்கி நீட்டினால் 4 செ.மீ. உயரத்தில் தூரம் சுழியமாகிறது.

அந்த 4 செ.மீ. எங்கே போனது? பலகையிலேயே உராய்வுக்குச் செலவாகிவிட்டது. மீதமுள்ள உயரம்தான் தரையில் ஓட்டமாகிறது: தூரம் = (உயரம் − 4) × 25. இதைச் சோதிக்கவும் வழி உண்டு. காரைக் கோட்டில் வைத்து, பலகையைச் சிறிது சிறிதாக உயர்த்தி, ஒவ்வொரு நிலையிலும் நகத்தால் பலகையைத் தட்டுங்கள். 4 செ.மீ.க்கு அருகில் கார் தானாக நகரத் தொடங்கும். தட்டாமல் விட்டால் இன்னும் சற்று உயரத்தில்தான் நகரும், ஏனென்றால் நின்ற காரை நகர்த்த ஓடும் காருக்குத் தேவைப்படுவதைவிடக் கொஞ்சம் அதிக விசை வேண்டும்.

கடைசி வரிசையில் சூத்திரம் 275 என்கிறது, அளவோ 267. இது கைப்பிழை இல்லை, சராசரியை எத்தனை முறை எடுத்தாலும் போகாது. சரிவு செங்குத்தாக ஆக, பலகை முடியும் மூலையில் கார் தரையை மோதும் வேகம் கூடுகிறது, கொஞ்சம் ஓட்டம் அங்கேயே தொலைகிறது. உயரத்தை 20 செ.மீ.க்கு மேல் கொண்டுபோனால் இது மோசமாகும், அறையும் போதாது.

இந்த இடத்தில் வகுப்பை நிறுத்தி ஒன்று கேளுங்கள்: ‘தரையில் ஓடும்போது காரை முன்னே தள்ளுவது எது?’ பலகை கொடுத்த விசை இன்னும் காருக்குள் இருக்கிறது, தீர்ந்ததும் நின்றது என்பார்கள். முன்னே தள்ளும் விசை எதுவும் இல்லை என்பதே விடை. தரையில் பின்னோக்கிச் செயல்படும் உராய்வு மட்டுமே இருக்கிறது. அது இல்லாவிட்டால் கார் நின்றிருக்காது. இதைக் காட்ட உயரத்தை 12 செ.மீ.இலேயே வைத்துத் தரையை மட்டும் மாற்றுங்கள். தரையில் ஒரு துண்டை விரித்தால் அதே கார் 60 செ.மீ.இல் நின்றுவிடலாம். முனைக்கு வந்த வேகம் ஒன்றுதான், மிஞ்சிய உயரமும் அதே 8 செ.மீ.தான். அப்படியானால் துண்டின் தடை தரையின் தடையைப்போல 200 ÷ 60, அதாவது மூன்று மடங்குக்குச் சற்று அதிகம்.

கனமான கார் விஷயத்துக்கு வருவோம். நீங்கள் இரண்டு வெவ்வேறு கார்களை ஒப்பிட்டீர்கள். அதில் நிறை மட்டுமல்ல, சக்கரமும் அச்சும் மாறின. ஒரே காரை எடுத்து, 40 கிராம் இருந்தால் அதன் மேல் இன்னொரு 40 கிராம் களிமண்ணை நடுவில் ஒட்டி ஓடவிடுங்கள். தூரம் கிட்டத்தட்ட மாறாது. இழுக்கும் புவியீர்ப்பு இரட்டிக்கும்போது தடுக்கும் உராய்வும் இரட்டிக்கிறது, அசைக்க வேண்டிய நிறையும் இரட்டிக்கிறது. களிமண் ஏற்றியபின் தூரம் சட்டென்று குறைந்தால் காரைத் திருப்பிப் பாருங்கள், பாரத்தில் அச்சு வளைந்து சக்கரம் உடலில் உரசிக்கொண்டிருக்கும்.