தடைப் பகுதிக்குள் ஸ்மார்ட்வாட்ச்: அனுமதிக் கடிதத்தில் என்ன எழுத வேண்டும்?

*பாதுகாப்புத் துறைக்கு மின்னணுக் கருவிகள் செய்யும் நிறுவனத்தில், சோதனைக்கூடத்தில் வேலை பார்க்கிறேன். உள்ளே போன், ஸ்மார்ட்வாட்ச் எதுவும் கூடாது. சும்மா உட்கார்ந்திருக்கும்போதே எனக்கு இதயத் துடிப்பு எகிறுகிறது. டாக்டர் வாட்ச் கட்டச் சொல்கிறார். செக்யூரிட்டி ஆபீசுக்கு என்னவென்று எழுதுவது? – ஒரு வாசகி*

கடிதத்தைப் படிக்கப்போகும் அதிகாரி உங்கள் நோயை எடைபோடுவதில்லை, கருவியைத்தான் எடைபோடுவார். மைக் இருக்கிறதா, கேமரா உண்டா, சிம் போடும் மாடலா, உள்ளே பதிவானது எந்த வழியாக வெளியே போகும் என்பதுதான் அவர் கேள்வி. நோயைப் பற்றி இரண்டு பக்கமும் வாட்சைப் பற்றி ஒரே வரியும் எழுதினால், மனமிருந்தாலும் அவரால் கையெழுத்துப் போட முடியாது. அவருடைய பயமும் வீண் பயமில்லை. ஸ்ட்ராவா என்ற உடற்பயிற்சிச் செயலி 2017-இல் வெளியிட்ட உலக வரைபடத்தில், ராணுவ முகாம்களுக்குள் வீரர்கள் ஓடிய தடங்கள் கோடு கோடாகத் தெரிந்தன. 2018 ஜனவரியில் அது வெளிச்சத்துக்கு வந்தது.

முதலில் டாக்டரிடம் போங்கள். 'ஸ்மார்ட்வாட்ச் அணிய வேண்டும்' என்று மட்டும் அவர் எழுதித் தந்தால் போதாது. வேலை நேரத்தில் எந்த அளவீடு தேவை, எச்சரிக்கை வந்தால் நீங்கள் என்ன செய்ய வேண்டும், வாட்ச் இல்லாவிட்டால் என்ன ஆபத்து என்ற மூன்றும் சான்றிதழில் இருக்கட்டும். வாட்சின் எல்லையையும் அவரிடம் பேசிவிடுங்கள். உதாரணமாக, ஆப்பிள் வாட்சில் துடிப்பு அதிகம் என்ற எச்சரிக்கை, நீங்கள் 10 நிமிடம் அசையாமல் இருக்கும்போது துடிப்பு குறித்த அளவைத் தாண்டினால்தான் வரும். உட்கார்ந்திருக்கும்போது எகிறும் உங்களுக்கு அது உதவும். நடமாடும்போதும் வருகிறதென்றால் டாக்டர் வேறு கருவியைச் சொல்லக்கூடும்.

அனுமதி கிடைக்கும்வரை புது வாட்ச் வாங்காதீர்கள். வாங்கும்போது சிம் வசதி இல்லாத மாடலாகப் பாருங்கள். ஏர்பிளேன் மோடில் போட்டால் எல்லாம் அணைந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். ஆப்பிள் வாட்சில் அப்படிச் செய்தால் வைஃபை அணையும், ஆனால் நீங்கள் மாற்றிவைக்காதவரை புளூடூத் ஓடிக்கொண்டேதான் இருக்கும். செட்டிங்ஸில் அதையும் அணைத்துவிட்டு, போனை வேறு அறையில் வைத்து, துடிப்பு பதிவாகிறதா என்று வீட்டிலேயே பார்த்துவிடுங்கள். பெரிய சிக்கல் மைக்தான். அதைச் செட்டிங்ஸில் கட்டுப்படுத்தலாமே தவிர, கழற்றிக் காட்ட முடியாது. அதனால் மைக்கும் ஜிபிஎஸ்ஸும் இல்லாத சாதாரண ஃபிட்னஸ் பேண்ட் போதும் என்று டாக்டர் சொன்னால் அதையே கேளுங்கள், அனுமதி கிடைக்கும் வாய்ப்பு கூடும்.

கடிதம் ஒரு பக்கத்தைத் தாண்ட வேண்டாம். ஆங்கிலத்தில் எழுதினாலும் இதே வரிசையில் எழுதலாம்:

> மதிப்பிற்குரிய ஐயா,
>
> பொருள்: மருத்துவக் காரணத்துக்காகச் சோதனைக்கூடத்தில் துடிப்புக் கண்காணிப்புக் கருவி அணிய அனுமதி கோருதல்.
>
> வேலை நேரத்தில் என் இதயத் துடிப்பைக் கண்காணிக்க வேண்டும் என மருத்துவர் அறிவுறுத்தியுள்ளார். சான்றிதழ் இணைத்துள்ளேன். கருவியின் நிறுவனம், மாடல், அதிலுள்ள மைக், ஜிபிஎஸ், வைஃபை, புளூடூத் விவரங்கள் இணைப்பில் உள்ளன. அதில் கேமராவும் சிம் வசதியும் இல்லை.
>
> வாயிலில் காவலர் முன்னிலையில் எல்லா இணைப்புகளையும் அணைத்துவிட்டு உள்ளே வருவேன். போன் வெளியே இருக்கும். உள்ளே கருவியை சார்ஜ் செய்யவோ கணினியில் இணைக்கவோ மாட்டேன். எப்போது வேண்டுமானாலும் சோதனைக்குத் தருவேன்.
>
> இந்தக் கருவிக்கு அனுமதி இயலாதெனில், தாங்கள் ஏற்கும் வேறு கருவியைத் தெரிவிக்க வேண்டுகிறேன். முடிவு வரும்வரை தடைப் பகுதிக்கு வெளியே பணி ஒதுக்கித் தருமாறும் கேட்டுக்கொள்கிறேன்.

கடைசிப் பத்தியை எக்காரணம் கொண்டும் விட்டுவிடாதீர்கள். அது இல்லாவிட்டால் 'முடியாது' என்ற ஒற்றைச் சொல்லோடு கோப்பு மூடப்படலாம். உங்கள் கூடம் வாடிக்கையாளரின் பாதுகாப்பு விதிக்கும் உட்பட்டதாக இருந்தால், உள்ளூர் அதிகாரி மட்டும் முடிவெடுக்க முடியாது, நாளாகும். அந்த இடைவெளியில் யாருக்கும் சொல்லாமல் வாட்சைக் கட்டிக்கொண்டு போகாதீர்கள். மாட்டினால் அது பாதுகாப்பு மீறலாகத்தான் பதிவாகும், டாக்டர் சீட்டு அப்போது உதவாது.

கடிதத்தைப் பாதுகாப்பு அலுவலகத்துக்கு எழுதி, மேலாளருக்கும் மனிதவளத் துறைக்கும் நகல் கொடுங்கள். மருத்துவச் சான்றிதழைத் தனி உறையில் ஒட்டி, பார்க்க வேண்டியவர் மட்டும் பார்க்கும்படி கேளுங்கள். அப்புறம், வாய்மொழியாக 'சரி, போட்டுக்கோங்க' என்பதை ஏற்காதீர்கள். ஷிப்ட் மாறினால் அடுத்த காவலருக்கு அது தெரியாது. வாட்ச் வாங்கியதும் அதன் வரிசை எண்ணும் காலாவதித் தேதியும் போட்ட அனுமதிச் சீட்டாக வாங்கி அடையாள அட்டையோடு வைத்திருங்கள். வாட்ச் பழுதாகி மாற்றிக் கொடுத்தால் வரிசை எண்ணும் மாறிவிடும், பழைய சீட்டு செல்லாது. புதிய வாட்சைக் கட்டுவதற்கு முன் திருத்தச் சொல்லி எழுதுங்கள்.