எக்செல்லில் ஏறும் வளைவு, பைத்தானில் ஒடுங்கும் வளைவு

வணக்கம் சார். முதுகலைப் புள்ளியியல் படிக்கிறேன். இயல்நிலைப் பரவலின் வளைவை வரைய, புத்தகத்தில் இருக்கும் சூத்திரத்தை எக்செல்லில் அடித்தேன் (முன்னால் வரும் மாறிலியை விட்டுவிட்டேன்). நடுவில் உயர்ந்து இரண்டு பக்கமும் இறங்க வேண்டிய வளைவு, நடுவில் பள்ளமாகி இரண்டு பக்கமும் மேலே ஏறுகிறது. அதையே பைத்தானில் அடித்தால் சரியாக வருகிறது. ஆனால் திட்ட விலக்கத்தை 1-லிருந்து 2 ஆக்கினால் அங்கேயும் வளைவு அகலமாவதற்குப் பதில் ஒடுங்கிவிடுகிறது. போட்மாஸ் விதிப்படிதான் எழுதியிருக்கிறேன். எங்கே தப்பு?

```
=EXP(-A2^2/2*B2^2)
math.exp(-x**2/2*s**2)
```

எஸ்.

அன்புள்ள எஸ்,

உங்கள் வரியில் இரண்டு தவறுகள் இருக்கின்றன. ஒன்று எக்செல்லில் மட்டும் தெரிவது. மற்றொன்று இரண்டிலும் ஆரம்பத்திலிருந்தே இருக்கிறது, திட்ட விலக்கம் 1 ஆக இருந்தவரை அது வெளியே தெரியவில்லை, அவ்வளவுதான்.

முதலில் எக்செல். `-A2^2` என்பதைக் கணக்குப் படித்த யாரும் "A2-வின் வர்க்கம், அதற்கு எதிர்க்குறி" என்றுதான் வாசிப்பார்கள். பைத்தானும் அப்படித்தான் வாசிக்கிறது, ஏனென்றால் அங்கே அடுக்குக்குறி தனக்கு இடப்பக்கம் நிற்கும் எதிர்க்குறியைவிட இறுக்கமாகப் பிடித்துக்கொள்கிறது. எக்செல்லின் கட்டங்களில் இது தலைகீழ். ஓர் எண்ணின் தலையில் ஒட்டி நிற்கும் எதிர்க்குறிக்கு அங்கே அடுக்கைவிட முன்னுரிமை அதிகம். அதனால் `=-2^2` என்று அடித்தால் 4 வரும். உங்கள் சூத்திரத்தில் EXP-க்குள் போக வேண்டிய மறை எண் இப்படித்தான் நேர் எண்ணாகி, வளைவு மேலே ஏறிவிட்டது.

இதில் கவனிக்க வேண்டிய ஒன்று: `=0-2^2` என்று அடித்தால் அதே எக்செல் -4 என்று சரியாகச் சொல்லும். பார்வைக்கு ஒரே கோடுதான். ஆனால் இடது பக்கம் ஓர் எண் இருந்தால் அது கழித்தல், இல்லாவிட்டால் எதிர்க்குறி, இரண்டுக்கும் முன்னுரிமைப் பட்டியலில் வேறு வேறு இடம். கழித்தல் பட்டியலில் அடுக்குக்குக் கீழே வெகு தொலைவில் இருக்கிறது. போட்மாஸில் எதிர்க்குறிக்கு ஓர் எழுத்துகூட இல்லை, அதனால் அந்த விதியை எவ்வளவு ஒழுங்காகப் பின்பற்றினாலும் இந்தத் தவறு பிடிபடாது. இன்னும் குழப்பம் என்னவென்றால், எக்செல்லுக்குள்ளேயே எழுதும் விபிஏ மேக்ரோவில் `-2^2` என்பது -4. கட்டத்தில் இருக்கும் சூத்திரத்தை மேக்ரோவுக்கு அப்படியே நகலெடுக்கிறவர்கள் இதில் மாட்டிக்கொள்வார்கள். ஜாவாஸ்கிரிப்ட் இந்தச் சந்தேகத்துக்கே இடம் வைக்கவில்லை. அங்கே `-2**2` என்று எழுதினால் பிழை என்று சொல்லி நிறுத்திவிடும், அடைப்புக்குறி போட்டுத்தான் ஆக வேண்டும். எனக்குப் பிடித்த முடிவு இதுதான்.

இப்போது இரண்டாவது. புத்தகத்தில் மேலே ஒரு வர்க்கம், நடுவில் கோடு, கோட்டுக்குக் கீழே 2-ம் திட்ட விலக்கத்தின் வர்க்கமும் பெருக்கலாக இருக்கும். அந்தப் பின்னக்கோடு வெறும் வகுத்தல் குறி மட்டுமல்ல, தனக்குக் கீழே இருப்பது எல்லாவற்றையும் அடைப்புக்குறிபோலக் கட்டி வைக்கிறது. ஒரே வரியில் அடிக்கும்போது கோடு `/` ஆகிவிடுகிறது, கட்டு அவிழ்ந்துபோகிறது. பெருக்கலும் வகுத்தலும் சம முன்னுரிமை உள்ளவை. போட்மாஸில் ஓர் எழுத்து முன்னால் வருவதால் ஒன்று உயர்ந்தது என்று ஆகாது. (கூட்டல், கழித்தலும் அப்படியே. 10-4+3 என்றால் 9. கூட்டலை முதலில் செய்து 3 என்று எழுதும் பிள்ளைகள் இன்றும் இருக்கிறார்கள்.) சம முன்னுரிமை என்றால் யார் முதலில் என்பதை இடமிருந்து வலம் என்ற விதி தீர்மானிக்கிறது. ஆக உங்கள் பைத்தான் வரி உண்மையில் இதுதான்:

```
((-(x**2)) / 2) * (s**2)
```

வகுக்க வேண்டிய வர்க்கத்தால் பெருக்கிவிட்டீர்கள். திட்ட விலக்கம் 1 என்றால் பெருக்கினாலும் வகுத்தாலும் ஒன்றே, அதனால் வளைவு சரியாக வந்தது. 2 ஆனதும் ஒடுங்கிவிட்டது.

எண்களைப் போட்டே பார்ப்போம். x = 2, s = 2 என்று வையுங்கள். சரியான கணக்கில் 4-ஐ 8-ஆல் வகுத்து எதிர்க்குறி போட்டால் -0.5, விடை 0.6065. உங்கள் பைத்தான் வரியில் -4-ஐ 2-ஆல் வகுத்தால் -2, அதை 4-ஆல் பெருக்கினால் -8, விடை 0.000335. எக்செல்லில் வர்க்கமே நேர் 4, கடைசியில் 8 வந்து, விடை ஏறக்குறைய 2981. ஒரே சூத்திரம், மூன்று விடைகள், ஆனால் எங்கேயும் ஒரு பிழைச்செய்திகூட வரவில்லை.

இடைவெளி விட்டு `-x**2 / 2*s**2` என்று அழகாக எழுதினால் சரியாகிவிடும் என்றும் நினைக்க வேண்டாம். கண்ணுக்கு `2*s**2` ஒரு கூட்டாகத் தெரியும், பைத்தான் அந்த இடைவெளியைக் கண்டுகொள்ளாது. பிறர் எழுதிய நிரலைச் சரிபார்க்கும்போது இந்த மாதிரி வரிகள்தான் எளிதில் தப்பிவிடும், ஏனென்றால் எழுதியவரின் எண்ணத்தை இடைவெளி காட்டுகிறது, நாமும் அதையே படித்துவிடுகிறோம்.

சரி, இப்படி எழுதுங்கள்:

```
=EXP(-(A2^2)/(2*B2^2))
math.exp(-(x**2)/(2*s**2))
```

பைத்தானில் முதல் அடைப்புக்குறி தேவையில்லை, ஆனாலும் இருக்கட்டும், அந்த வரியை நாளைக்கு யாராவது எக்செல்லுக்கு எடுத்துப் போவார்கள். `-x**2/2/s**2` என்று இரண்டு முறை வகுத்தாலும் பைத்தானில் சரியான விடைதான், இடமிருந்து வலம் என்ற அதே விதி இப்போது உங்களுக்கு உதவுகிறது. ஆனால் படிப்பவர் ஒரு நொடி நின்று யோசிக்க வேண்டியிருக்கும், அதனால் நான் அப்படி எழுதுவதில்லை.

சோதிக்கும்போது 1-ஐயும் 0-ஐயும் தவிர்த்துவிடுங்கள், அவை பல தவறுகளை மூடி மறைக்கும். இந்தச் சூத்திரத்துக்கு ஒரு நல்ல சோதனை உண்டு. x-க்கும் s-க்கும் ஒரே எண்ணைக் கொடுத்தால், அது 3 ஆனாலும் 7 ஆனாலும், விடை எப்போதும் 0.6065 ஆக இருக்க வேண்டும். அப்புறம் எக்செல்லில் Formulas பட்டியில் Evaluate Formula என்று ஒன்று இருக்கிறது. அதை அழுத்திக்கொண்டே போனால் எது எதோடு சேர்கிறது என்று ஒவ்வொரு படியாகக் காட்டும். உங்கள் பழைய சூத்திரத்தில் -2 என்பது 4 ஆக மாறும் இடத்தை அங்கே கண்ணாலேயே பார்க்கலாம். பைத்தானில் இது போதும்:

```
import ast
print(ast.dump(ast.parse("-x**2/2*s**2", mode="eval")))
```

வெளியீட்டில் எல்லாவற்றுக்கும் வெளியே நிற்கும் குறி `Mult` என்று இருக்கும். நீங்கள் எழுத நினைத்த சூத்திரத்தில் அங்கே `Div` இருந்திருக்க வேண்டும்.