மியூட்டில் பார்த்தாலும் புரியணும்

கேள்வி: கொடைக்கானல் மலைப்பூண்டு விற்க ரீல் எடுக்கிறோம். சத்தம் வைக்காமல் பார்ப்பவருக்கும் புரிய என்ன செய்வது?

பேசுவதை அப்படியே எழுத்தாகப் போடாதீர்கள். என் முதல் ரீலில் "இதைப் பாருங்க, இதுதான் வித்தியாசம்" என்று பூண்டைக் காட்டிப் பேசினேன்; அதையே திரையிலும் எழுத்தாகப் போட்டேன். மியூட்டில் பார்த்தவருக்கு என்ன வித்தியாசம் என்றே தெரியவில்லை. கண்ணை மூடிக் கேட்டேன், அப்போதும் அதே கதி!

இப்போது ஸ்கிரிப்டில் குரலுக்கு ஒரு பத்தி, திரைக்கு ஒரு பத்தி. குரல்: "பூம்பாறையில விளைஞ்ச மலைப்பூண்டுங்க, 2019-ல புவிசார் குறியீடு வாங்கினது." திரை: முதலில் "பூம்பாறை மலைப்பூண்டு", பிறகு "புவிசார் குறியீடு 2019". ஒவ்வொன்றும் 3 நொடியாவது நிற்கட்டும். எழுத்தை அடியில் வைத்தால் ஆப்பின் விவர வரி மறைத்துவிடும்; நடுவில் வையுங்கள். விலையும் போன் நம்பரும் குரலிலும் வரணும், திரையிலும் வரணும்.