அப்பாவின் நோட்டு எங்கே?

*எம்.எஸ்சி. வேதியியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். ஆய்வகப் பயிற்சி கேட்டு 43 பேராசிரியர்களுக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். கல்லூரி, மதிப்பெண், ஆர்வம் எல்லாம் எழுதியும் ஒரு பதில்கூட இல்லை. அப்பாவுக்குத் திருப்பூரில் சாயப்பட்டறை வேலை. இரண்டு வருஷமாக ஞாயிறுதோறும் அவருக்கு உதவியாக ஆர்.ஓ. தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பின் அளவை, அதாவது டி.டி.எஸ்.ஸை, அளந்து நோட்டில் எழுதுகிறேன். ஆர்.ஓ.வில் வடிகட்டும் சவ்வைக் கழுவியும் அளவு இறங்கவில்லை என்று முதலில் கண்டுபிடித்ததும் நான்தான். அதையெல்லாம் எழுதக் கூச்சமாக இருந்தது. எப்படி அறிமுகம் செய்துகொள்வது?*

கூச்சமா? அந்தச் சாயத்தண்ணீர்தானே மகளே, உனக்குக் கல்லூரிக் கட்டணம் கட்டியது! அப்பாவின் வேலையை மறைத்துவிட்டு மதிப்பெண்ணை முன்னால் வைத்திருக்கிறாய். எனக்கு இது பிடிக்கவில்லை. பெற்றவரின் உழைப்பை ஒளித்துவைத்துத்தான் மேலே போக வேண்டும் என்று யார் உனக்குச் சொல்லிக்கொடுத்தது?

நீ அனுப்பிய கடிதத்தில் உன் பெயரை எடுத்துவிட்டு வகுப்புத் தோழியின் பெயரைப் போட்டுப் பார். அப்படியே பொருந்தும். பேராசிரியருக்கும் அது அப்படித்தான் தெரிந்திருக்கும். இன்பாக்ஸில் தலைப்பும் முதல் சில சொற்களும்தான் கண்ணில் படும். அந்த இடத்தில் "நலமாக இருப்பீர்கள் என நம்புகிறேன்" என்று இருந்தால், திறக்காமலே நகர்ந்துவிடுவார்.

43 பேரையும் விடு. ஆர்.ஓ. சவ்வில் வேலை செய்யும் ஒருவரைத் தேடி, அவருடைய கட்டுரை ஒன்றை உட்கார்ந்து முழுசாகப் படி. அப்புறம் இந்த மூன்று வரியை எழுது. ஆங்கிலத்தில் அனுப்பினாலும் பொருள் இதுதான்:

"எம்.எஸ்சி. வேதியியல் மாணவி, அப்பா வேலை செய்யும் திருப்பூர்ச் சாயப்பட்டறையில், ஆர்.ஓ.வுக்கு உள்ளே போகும் நீரையும் வெளியே வரும் நீரையும் இரண்டு ஆண்டுகளாக வாரந்தோறும் அளந்துவருகிறேன். சவ்வைக் கழுவிய பின்னும் வெளிவரும் நீரின் டி.டி.எஸ். பழைய அளவுக்கு இறங்கவில்லை. இது சவ்வில் படிந்த அழுக்கா, சவ்வே கெட்டுவிட்டதா என்று பிரித்தறிய அடுத்து எதை அளக்க வேண்டும்?"

முதல் இரண்டு வரியில் நீ செய்தது இருக்கிறது. அதை உன் தோழி எழுத முடியாது. மூன்றாவதில் அவர் ஒரே வரியில் பதில் சொல்லக்கூடிய கேள்வி இருக்கிறது. "பயிற்சி தாருங்கள்" என்றால் அவர் இடம், பணம், அனுமதி எல்லாம் யோசிக்க வேண்டும். அதனால் முதல் கடிதத்தில் அதைக் கேட்காதே. பதில் வந்த பிறகு கேள். கீழே அவர் கட்டுரையில் எந்தப் பகுதி உன் நோட்டோடு ஒத்துப்போகிறது என்று ஒரு வாக்கியம் சேர். அதைப் படிக்காமல் எழுதினால் இரண்டாவது கடிதத்திலேயே மாட்டிக்கொள்வாய். மதிப்பெண் பட்டியலை இணைக்க வேண்டாம். பத்து நாளில் பதில் வராவிட்டால், அதே கடிதத்தின் கீழே ஒரே ஒரு முறை நினைவூட்டு.

இன்னொன்று. அந்த அளவுகள் பட்டறைக்குச் சொந்தம். பெயர் போடாமல் எழுதினாலும் முதலாளியிடம் கேட்காமல் வெளியே கொடுத்தால், அப்பாவின் வேலைக்கு ஆபத்து. இன்று ஷிப்ட் முடிந்து அப்பா வந்ததும் மூன்று வரியையும் படித்துக் காட்டு. முதலாளியிடம் அவரே பேசட்டும். சரி என்று சொன்ன பிறகு அனுப்பு.