அப்பத்தா வெட்டவிடாத நான்கு விநாடி

கேள்வி: கொடைக்கானல் மேல்மலைக்காரி நான். ஒரு சிறுகதை எழுதியிருக்கிறேன். ஊரைப் பற்றித் தான் எடுத்த படத்தைக் கைபேசியில் எடிட் செய்ய, பதினாறு வயதுப் பேத்தி தன் அப்பத்தாவுக்குக் கற்றுக்கொடுக்கிறாள். போன வருடம் நீலக்குறிஞ்சி பூத்த மலையில் கதை தொடங்குகிறது. கடைசியில் அப்பத்தா கைதவறி வீடியோவை அழித்துவிடுகிறார், எல்லாம் போய்விடுகிறது. என் தோழி படித்துவிட்டு, “முதல் பாதி கம்ப்யூட்டர் கிளாஸ் மாதிரி இருக்கு, முடிவை நம்ப முடியல” என்கிறாள். எங்கே தப்பு?
— ஒரு வாசகி, மன்னவனூர்

பதில்: தோழியை விட்டுவிடாதீர்கள், நல்ல வாசகி. ஆனால் அவர் கண்ணிலும் படாத ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். உங்கள் மலையில் நீலக்குறிஞ்சி பரவலாகப் பூத்தது 2006, அப்புறம் 2018. அடுத்தது 2030. போன வருடம் என்று எழுதினால் மேல்மலையில் ஒருவரும் இரண்டாவது பத்திக்கு வரமாட்டார்கள். குறிஞ்சியை எடுத்துவிட்டுப் பூண்டுக் காட்டில் தொடங்குங்கள். அப்பத்தாவுக்கும் அதுதான் தெரிந்த இடம்.

சரி, கம்ப்யூட்டர் கிளாஸுக்கு வருவோம். டைம்லைன், டிரான்சிஷன், ஃபில்டர், டைட்டில், பாட்டு சேர்ப்பது என்று பேத்தி வரிசையாகச் சொல்லிக்கொண்டே போகிறாள், அப்பத்தா “அப்படியா தாயி” என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார். நான் எடிட்டிங் அறையில் பல வருடம் உட்கார்ந்தவன். முதல் நாள் ஒருவரும் ஐந்து விஷயம் கற்றுக்கொண்டு நான் பார்த்ததில்லை. ஒன்றே ஒன்றை வையுங்கள்: வெட்டுவது. ஒரு துண்டு வீடியோவைத் தொட்டு, நடுக்கோட்டை வேண்டிய இடத்தில் நிறுத்தி, கத்தரிக்கோல் பட்டனை அழுத்தினால் துண்டு இரண்டாகும். கதைக்கு இந்த ஒரு வேலை போதும். ஏனென்றால் அப்பத்தா அதைக் கற்கும்போதே மூன்று இடத்தில் தடுமாறுவார்.

முதல் தடுமாற்றம் விரலில். நாற்பது ஐம்பது வருடம் மண்வெட்டி பிடித்து, பூண்டு உரித்துக் காய்ப்பேறிய விரல் அது. தொடுதிரை விரல் மின்சாரத்தைக் கடத்துவதை நம்பி வேலை செய்கிறது. காய்ந்து தடித்த தோல் பட்டால் சில நேரம் அது அசைவதே இல்லை. அப்பத்தா இன்னும் அழுத்துவார், எடுக்காமல் வைத்திருப்பார். நீண்ட அழுத்தத்துக்கு ஆப்பில் வேறு அர்த்தம் உண்டு: துண்டு பெயர்ந்து விரலோடு வரும், விட்ட இடத்தில் போய் உட்காரும். பூண்டு பிடுங்குகிற காட்சிக்கு முன்னால் பூண்டைக் கட்டுகிற காட்சி போய் நின்றுவிடும். “ஏந் தாயி, பிடுங்காமலே முடியிறாகளே?” என்று அப்பத்தா கேட்கட்டும். பேத்தி அன்டூ அம்பைத் தொட்டுச் சரிசெய்யட்டும். அதற்குள் அப்பத்தா, ரூபாய் நோட்டை எண்ணுகிறவரைப் போல விரலை நாக்கில் தொட்டுக்கொண்டு மறுபடி திரையைத் தொடுவார், இந்தத் தடவை திரை கேட்கும். பேத்தி முகம் சுளிப்பாள். இந்த ஒரு காட்சியில் பாடமும் நடக்கிறது, இரண்டு பேரும் யாரென்றும் தெரிந்துவிடுகிறது.

இரண்டாவது தடுமாற்றம் பயம். “வெட்டுனா போயிருமே” என்று அப்பத்தா கையை இழுத்துக்கொள்வார். இங்கே பேத்தி சொல்கிற பதில்தான் உங்கள் கதையின் ஆணிவேர், கவனமாக எழுதுங்கள். அவள் வெட்டிய துண்டின் ஓரத்தைப் பிடித்து இழுத்துக் காட்டுகிறாள். வெட்டுப்பட்ட பகுதி மறுபடி நீண்டு வருகிறது. “பாத்தியா அப்பத்தா, எதுவும் போகாது. நீ எவ்வளவு வேணா வெட்டு.” இது உண்மைதான், ஆனால் பாதி உண்மை. ஆப்புக்குள் தெரிவது வீடியோவே அல்ல. கேலரியில் இருக்கும் வீடியோவில் எங்கிருந்து எதுவரை காட்ட வேண்டும் என்ற குறிப்பு மட்டும்தான் அங்கே இருக்கிறது. பெரும்பாலான ஆப்கள் இப்படித்தான் வேலை செய்கின்றன. ஆப்பில் வெட்டினால் அசல் தொலையாது. அசலைக் கேலரியில் அழித்தால் ஆப்பில் இருப்பதும் செத்துவிடும். இந்த இரண்டாவது பாதியைப் பேத்தி சொல்லவில்லை. அவளுக்கே தெரியாமல்கூட இருக்கலாம்.

மூன்றாவது தடுமாற்றத்தில்தான் உங்களுக்குக் கதையே கிடைக்கும். உங்கள் பிரதியில் ஒரு ஓரமாக, நிலத்தை விற்ற பக்கத்து வீட்டுத் தாத்தா ஒருவர் வந்து போகிறார். அவரை நடுவில் கொண்டுவாருங்கள்.

தாத்தா தன் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கேமராவைப் பார்த்துப் பேசுகிறார். “அந்தப் பட்டியப் போன வருசம் குடுத்துட்டேன்” என்கிறார். பேச்சு நிற்கிறது. கண் இடதுபக்கம் போகிறது. நான்கு விநாடி. காற்றில் ஒரு தகரம் தட்டுகிற சத்தம் மட்டும். பிறகு திரும்பி, “சரி, டீ குடிப்பமா” என்கிறார்.

பேத்திக்கு இந்த நான்கு விநாடி வெறும் இடம். “யாரும் பேசாத இடத்தை வெட்டிடணும் அப்பத்தா, இல்லன்னா தள்ளிவிட்டுட்டுப் போயிருவாங்க.” வெட்டுகிறாள். வெட்டியதும் தாத்தாவின் தலை சட்டென்று ஒரு பக்கமிருந்து இன்னொரு பக்கம் துள்ளுகிறது. ஒரே கோணத்தில் எடுத்ததை நடுவில் வெட்டினால் இப்படித்தான் துள்ளும். அதை மறைக்க ஒரு வழி உண்டு, நாங்கள் எல்லாரும் தினமும் செய்வதுதான்: வெட்டு விழுந்த இடத்துக்கு மேலே வேறு படத்தை ஒட்டுவது, கீழே பேச்சு மட்டும் ஓடும். பேத்தி பூண்டுக் கொத்தை அழகாகக் காட்டும் இரண்டு விநாடியை மேலே வைக்கிறாள். துள்ளல் மறைந்துவிட்டது. பார்ப்பவருக்கு ஒரு குறையும் தெரியாது.

அப்பத்தாவுக்குத் தெரியும். “அவரு அப்பப் பூண்டையா பாத்தாரு? அந்தத் தகரக் கொட்டகையப் பாத்தாரு. அவரு சம்சாரம் பூண்டு காயப் போட்ட கொட்டகை அது.”

பார்வை எதன் மேல் விழுகிறது என்பதைப் பார்ப்பவர் முடிவு செய்வதில்லை, அடுத்த துண்டுதான் முடிவு செய்கிறது. 1920களை ஒட்டி ரஷ்யாவில் குலெஷோவ் இதைச் சோதித்துக் காட்டினார் என்று எல்லா சினிமாப் பாடத்திலும் வரும்: அதே முகம், பக்கத்தில் சூப்புத் தட்டை வைத்தால் பசி, சவப்பெட்டியை வைத்தால் துக்கம். அப்பத்தாவுக்குக் குலெஷோவ் வேண்டாம் (தயவுசெய்து பேத்தி வாயிலும் வைக்காதீர்கள்). தாத்தாவின் முகத்துக்குப் பக்கத்தில் பூண்டை வைத்தால், விளைச்சலை நினைத்துப் பேசுகிறவர்போல ஆகிவிடுகிறார் என்பது அப்பத்தாவுக்குப் பார்த்த மாத்திரத்தில் புரிகிறது. ‘பொய்’ என்ற சொல்லை அவர் சொல்ல வேண்டாம். கற்றுக்கொண்டதை வைத்தே பேசட்டும்: பூண்டை எடுத்துப்போடுகிறார், நாக்கில் விரலைத் தொட்டுக்கொண்டு, வெட்டின ஓரத்தைப் பிடித்து நான்கு விநாடியையும் இழுத்து வெளியே கொண்டுவருகிறார். பேத்தி கற்றுக்கொடுத்த அதே இழுப்பு. இரண்டு பேரும் சண்டை போடட்டும். பேத்தி தன் பதிப்பை மாமாவுக்கு வாட்ஸப்பில் அனுப்பிவிட்டுத் தூங்கப் போகட்டும்.

இப்போது உங்கள் முடிவு. கைதவறித் தொட்டால் வீடியோ அழியாது. கைபேசி ஒருமுறை கேட்கும். ஆமாம் என்றாலும் பெரும்பாலும் ட்ராஷில் போய் 30 நாளாவது கிடக்கும். கைபேசி வைத்திருக்கும் வாசகர் அத்தனை பேருக்கும் இது தெரியும், அதனால்தான் தோழி நம்பவில்லை. அழிய வேண்டுமானால் இரண்டு படி வேண்டும், இரண்டு கை வேண்டும்.

4கே தரத்தில் எடுத்தால் ஒரு நிமிட வீடியோ ஏறத்தாழ 350 எம்பி பிடிக்கும். மூன்று மணி நேரம் எடுத்திருந்தால் 64 ஜிபி கைபேசி நிரம்பிவிடும். இடமில்லை என்று கைபேசி திரும்பத் திரும்பச் சொல்கிறது. பேத்தி பள்ளிக்கூடம் போயிருக்கிறாள். எதுவும் போகாது என்று அவள் சொன்னதை நம்பி, அப்பத்தா கேலரியில் பெரிய பெரிய வீடியோக்களாகப் பார்த்து நீக்குகிறார். படம்தான் ஆப்புக்குள் பத்திரமாக இருக்கிறதே! சாயங்காலம் பேத்தி வந்து படத்தை முழுதாக வெளியே எடுக்கப் பார்க்கிறாள். மறுபடி இடமில்லை. ட்ராஷில் கிடப்பதும் இடத்தைப் பிடித்துக்கொண்டுதான் இருக்கும். அவள் உள்ளே என்ன இருக்கிறது என்று பாராமல் ட்ராஷைக் காலி செய்கிறாள். ஆப்பைத் திறக்கிறாள். தாத்தா இருந்த இடத்தில் ஒரு கறுப்புக் கட்டம்.

தவறு இப்போது அப்பத்தாவின் தலையில் மட்டும் விழவில்லை. நான் ஒருமுறை இதையே செய்திருக்கிறேன், பெரிய கம்ப்யூட்டரில், ஒரு கல்யாணவீட்டு வீடியோவில். ஹார்ட் டிஸ்கைச் சுத்தம் செய்த உதவியாளரைத் திட்டிவிட்டு, பிறகுதான் நினைவு வந்தது, குப்பையைக் காலி செய்தது நான் என்று. அன்று மாலை முழுக்க அந்தப் பையன் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. உங்கள் பேத்திக்கும் அப்படி ஒரு மாலையைக் கொடுங்கள், விளக்கம் சொல்லாமல்.

இனி மிச்சம் என்ன? மாமாவுக்கு அனுப்பிய வாட்ஸப் பிரதி. தரம் குறைந்தது, ஆனால் ஓடும். அதில் தாத்தா “குடுத்துட்டேன்” என்கிறார், பூண்டுக் கொத்து வருகிறது, “டீ குடிப்பமா” என்கிறார். அந்த நான்கு விநாடி உலகத்தில் எங்கேயும் இல்லை.

தாத்தாவை மறுபடி உட்காரவைத்துப் பேசச் சொல்லலாமே என்று உங்களுக்குத் தோன்றும். வேண்டாம். நடிகர் அல்லாதவரை இரண்டாம் தடவை சொல்லச் சொன்னால் சுருக்கமாக, ஒழுங்காகச் சொல்லிவிடுவார், நடுவில் நிற்கமாட்டார். நான் பலமுறை முயன்று தோற்றது இது. அப்பத்தா என்ன செய்வார் என்று நீங்கள்தான் அறிவீர்கள், ஆனால் கைபேசியை அவர் கையில் கொடுத்து அந்தக் கொட்டகைப் பக்கம் நடக்கவிட்டுப் பாருங்கள். பிற்பகல் மூன்று மணிக்கு மேல் அனுப்பாதீர்கள், மஞ்சு இறங்கிவிட்டால் கொட்டகை தெரியாது, தகரம் தட்டுவது மட்டும்தான் கேட்கும். அல்லது, யோசித்துப் பார்த்தால், மூன்று மணிக்கு மேலேயே அனுப்புங்கள்.