‘அன்லேபிள்ட் பட்டன்’ என்று போன் சொன்னால் பிளக்இன் வாங்காதீர்கள்

*எங்கள் மளிகைக் கடைக்கு ஆண்ட்ராய்டு ஆப் இருக்கிறது. பார்வையற்ற வாடிக்கையாளர் ஒருவர், கூடையில் பொருள் சேர்க்கப் போனால் போன் ‘அன்லேபிள்ட் பட்டன்’ என்றே சொல்கிறது என்கிறார். வயதானவர்கள் எழுத்து தெரியவில்லை, பட்டன் அமுங்கவில்லை என்கிறார்கள். ஒரு கம்பெனி 35,000 ரூபாய்க்கு பிளக்இன் போட்டு சர்டிபிகேட்டும் தருகிறதாம். வாங்கலாமா?*

வேண்டாம். உங்கள் ஆப்பைச் செய்தவரையே கூப்பிடுங்கள்.

ஆண்ட்ராய்டு போனில் இப்படி வாய்விட்டுச் சொல்லும் வசதிக்கு டாக்பேக் என்று பெயர். அது பெரும்பாலும் திரையைப் பார்த்துப் படிப்பதில்லை, ஆப்பைச் செய்தவர் பட்டனுக்கு எழுதி வைத்த பெயரைத்தான் படிக்கிறது. கூட்டல் குறி வெறும் படமாக இருந்து பெயர் எழுதாமல் விட்டிருந்தால் அது என்ன சொல்லும்? அது வெங்காயத்தைக் கூட்டும் பட்டன் என்பது வெளியிலிருந்து வரும் பிளக்இன்னுக்கும் தெரியாது. இப்படித் தானாகவே எல்லாம் சரியாகிவிடும் என்று இணையதளங்களுக்கு விற்ற ஒரு நிறுவனத்தை அமெரிக்காவின் வர்த்தக ஆணையம் 2025-ல் 10 லட்சம் டாலர் கட்ட வைத்தது. சர்டிபிகேட்டைச் சுவரில் மாட்டலாம், உங்கள் வாடிக்கையாளரால் அப்போதும் வெங்காயம் வாங்க முடியாது.

உங்கள் டெவலப்பரிடம் இதைக் காட்டுங்கள்:

```kotlin
plus.contentDescription =
    context.getString(R.string.add_item, item.name)
```

`add_item` என்பதில் `%1$s, ஒன்று கூட்டு` என்று இருந்தால், ஒவ்வொரு வரிசையிலும் ‘வெங்காயம், ஒன்று கூட்டு’, ‘துவரம் பருப்பு, ஒன்று கூட்டு’ என்று தனித்தனியாகக் கேட்கும். எல்லா வரிசைக்கும் வெறும் ‘கூட்டு’ என்று போட்டுவிட்டால் எதைக் கூட்டுகிறோம் என்று தெரியாது. ‘கூட்டு பட்டன்’ என்றும் எழுத வேண்டாம், ‘பட்டன்’ என்பதை டாக்பேக் தானே சேர்த்துச் சொல்லிவிடும்.

ஒரே ஒரு விதிவிலக்கு, இதில்தான் நிறையப் பேர் தவறுகிறார்கள். எல்லாப் படத்துக்கும் பெயர் வைக்கக் கூடாது. வெங்காயத்தின் போட்டோ இருக்கிறது, பக்கத்திலேயே ‘வெங்காயம்’ என்று எழுத்திலும் இருக்கிறது என்றால், போட்டோவுக்கும் பெயர் வைத்தால் ஒவ்வொரு பொருளும் இரண்டு தடவை கேட்கும், 60 பொருள் உள்ள பட்டியலில் மனுஷன் ஓடிவிடுவார். அந்தப் போட்டோவுக்கு `android:contentDescription="@null"` போதும். ஆனால் அதே போட்டோவைத் தட்டினால் விவரப் பக்கம் திறக்கும் என்று வைத்திருந்தால் அது வெறும் அலங்காரம் இல்லை, பட்டன் மாதிரிதான், அதற்குப் பெயர் கட்டாயம் வேண்டும். தட்டினால் ஏதாவது நடக்குமா என்று மட்டும் பாருங்கள், நடந்தால் பெயர் வையுங்கள்.

பட்டன் அமுங்காததற்குக் காரணம் பெரும்பாலும் அளவு. தொடும் இடம் 48dp-க்கு 48dp இருக்க வேண்டும், கிட்டத்தட்ட 9 மில்லிமீட்டர். குறியைப் பெரிதாக்கத் தேவையில்லை: 24dp குறியைச் சுற்றி நாலு பக்கமும் 12dp இடம் விட்டு, அந்த இடத்தையும் பட்டனோடு சேர்த்துவிட்டால் சரி.

எழுத்து தெரியவில்லை என்பதில் இரண்டு விஷயம் இருக்கிறது. வெள்ளையில் `#999999` சாம்பல் நிறத்தில் விலை போடுவது ஒரு வழக்கமாகிவிட்டது. எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள ஒளி வேறுபாடு அதில் 3:1-கூட வராது, சிறிய எழுத்துக்கு 4.5:1 வேண்டும். `#767676` வைத்தால் ஒப்பேறும், இன்னும் கருப்பாக வைத்தால் நல்லது. இன்னொன்று, போன் செட்டிங்ஸில் எழுத்தைப் பெரிதாக்கியும் உங்கள் ஆப்பில் மட்டும் மாறவில்லை என்றால், எழுத்தளவை, செட்டிங்ஸோடு சேர்ந்து மாறும் `sp`-யில் போடாமல், மாறாத `dp`-யில் போட்டிருப்பார்கள். அல்லது டிசைன் கலைகிறது என்று `fontScale`-ஐ 1-ல் பூட்டி வைத்திருப்பார்கள். பூட்டை எடுக்கச் சொல்லுங்கள். எடுத்ததும் எழுத்து வெட்டுப்பட்டால் பெட்டியின் உயரத்தை `wrap_content` ஆக்க வேண்டும். ஆண்ட்ராய்டு 14-லிருந்து எழுத்தை 200% வரை பெரிதாக்கலாம், அந்த அளவில் வைத்துப் பாருங்கள்.

எனக்குத் தாங்காதது ஒன்று உண்டு. சோதனைக்கு ஏற்றும் ஆப்பில் பெயரில்லாத பட்டன், சின்னப் பட்டன், மங்கிய எழுத்து எல்லாவற்றையும், டெவலப்பர்கள் கூகுள் பிளேயில் ஆப்பை ஏற்றும் பிளே கன்சோலின் ப்ரீ-லாஞ்ச் ரிப்போர்ட் படம் போட்டே காட்டுகிறது, காட்டிவிட்டு வெளியிடவும் விட்டுவிடுகிறது. நம் நாட்டில் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-லேயே வந்தாயிற்று. ஆனால் அணுகல் வசதி பற்றிய அதன் விதி வெறும் பரிந்துரையாக இருக்கக் கூடாது, கட்டாயமாக வேண்டும் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது. எட்டு வருஷம்!

வேலை முடிந்தது என்று டெவலப்பர் சொன்னதும் பணம் கொடுத்துவிடாதீர்கள். இரண்டு வால்யூம் பட்டனையும் சேர்த்துச் சில நொடி அழுத்திப் பிடித்தால் டாக்பேக் நிற்கும்படி ஷார்ட்கட்டை முதலில் வைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் அணைக்கத் தெரியாமல் திண்டாடுவீர்கள். அப்புறம் டாக்பேக்கைப் போட்டு, கண்ணை மூடிக்கொண்டு, ஒரு விரலால் வலப்பக்கம் தள்ளித் தள்ளிப் போய், வேண்டியது வந்ததும் இரண்டு தடவை தட்டி இரண்டு கிலோ வெங்காயம் ஆர்டர் செய்யுங்கள். எண்ணிக்கை ஒன்றிலிருந்து இரண்டானதை போன் சொல்லவில்லை என்றால், அந்த எண்ணுக்கு `android:accessibilityLiveRegion="polite"` போடச் சொல்லித் திருப்பி அனுப்புங்கள். ஆர்டர் போய்ச் சேர்ந்தால் அந்த வாடிக்கையாளரைக் கூப்பிட்டு ஒரு தடவை வாங்கிப் பார்க்கச் சொல்லுங்கள், அவர் சரி என்ற பிறகு பணத்தைக் கொடுங்கள்.